கதாபாத்திரத்துக்குப் பெயர் வைக்கும் முன்: புராணப் பெயர்களின் பொருளைத் தேடிப் பிடிக்க ஒரு வழிகாட்டி

என் முதல் ஃபேன்டசி நாவலில் எதிர்நாயகனுக்குத் துர்ஜயன் என்று பெயர் வைத்தேன். ‘துர்’ என்றால் கெட்ட, ‘ஜயம்’ என்றால் வெற்றி. ஆகவே தீய வழியில் வெற்றி பெறுபவன் என்று நானே பொருள் எழுதிக்கொண்டேன். பெயர்ப் பட்டியல் போடும் ஓர் இணையதளமும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது. பதினோராவது அத்தியாயத்தில் ஒரு கிழவி அந்தப் பெயரைப் பிரித்துப் பொருள் சொல்லி, “உன் கேடு உன் பெயரிலேயே இருக்கிறது” என்று சாபம் கொடுப்பாள். கதை திரும்புவது அந்த இடத்தில்தான்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மயிலாப்பூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். வந்திருந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற சம்ஸ்கிருத ஆசிரியர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, அப்போ துர்க்கைன்னா கெட்டவளா?”

“இல்ல சார்.”

“அப்போ துர்ஜயன் மட்டும் எப்படிக் கெட்டவன் ஆனான்?”

என்னிடம் பதில் இல்லை. மூன்று அத்தியாயங்களைத் திருப்பி எழுத ஏழு வாரம் ஆனது. பக்க வடிவமைப்பை மறுபடி செய்ய ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்தேன். சென்னையில் இருந்துகொண்டே, பெரும்பாலும் பைசா செலவில்லாமல், இரண்டு நாளில் சரிபார்த்திருக்கக்கூடிய விஷயம் அது. கதை எழுதத் தொடங்குபவர்கள், காமிக்ஸ் வரைபவர்கள், கணினி விளையாட்டுக்குக் கதை அமைப்பவர்கள் இந்த அலைச்சல் இல்லாமல் தப்பிக்க வேண்டும் என்பதற்காக, நான் இப்போது பின்பற்றும் முறையை வரிசையாக எழுதுகிறேன்.

1. கையில் என்ன இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும்

ஒரு பெயருக்கு ஒரு சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சலட்டை அளவு போதும். அதில் நான்கு வரி: பெயரின் மூல எழுத்து, அகராதிப் பொருள், கதைக்குள் அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் காரணம், அந்தக் காரணம் வரும் இடம். இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பற்றியதுதான். பாத்திரத்தின் விதி பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அகராதிகளுக்குச் செலவு கிடையாது. சம்ஸ்கிருதப் பெயர் என்றால் 1899ஆம் ஆண்டின் மானியர் வில்லியம்ஸ் அகராதி, ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கிறது: `sanskrit-lexicon.uni-koeln.de`. தமிழ்ப் பெயர் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது அது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை `dsal.uchicago.edu` தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தமிழ் எழுத்திலேயே தட்டித் தேடலாம்.

இதிகாசத்தையும் காப்பியத்தையும் முழுப் பதிப்பில் பார்க்க நூலகம் போக வேண்டும். எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. தமிழ்க் காப்பியப் பதிப்புகளுக்குப் பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகம் நல்லது. எங்கே போனாலும் அடையாள அட்டை ஒன்றும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். விடுமுறை நாளையும் நேரத்தையும் முதல் நாளே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். அதைச் செய்யாமல் ஒருமுறை வேளச்சேரியிலிருந்து போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

அகராதி வேலைக்கு ஒரு மாலை, நூலகத்துக்கு ஒரு பகல். ஒரு பெயருக்கு இது போதும். எனக்கு ஆகும் செலவு பேருந்துக் கட்டணமும் சில பக்கங்களுக்கு நகல் எடுக்கும் காசும்தான்.

2. தமிழ் எழுத்துக்குப் பின்னால் இருக்கும் மூல எழுத்தைப் பிடியுங்கள்

நம் எழுத்தில் ஒரு ‘த’தான். சம்ஸ்கிருதத்தில் அந்த இடத்தில் நான்கு ஒலிகள் உண்டு. துரியோதனன் என்று எழுதியதும் அதில் ‘தனம்’ இருப்பதாகக் கண் காட்டும். செல்வத்தைக் குறிக்கும் தனத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. யுத்தத்தில் இருக்கும் ‘யுத்’ என்ற வேரிலிருந்து வரும் ‘யோதன’ அது. துர், யோதன என்று பிரிக்க வேண்டிய பெயரைத் துரியோ, தனன் என்று பிரித்து, ‘தீய செல்வம் உடையவன்’ என்று பொருள் சொன்ன ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பொறி, பழைய தமிழ் வடிவங்கள். “வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே” என்று தொல்காப்பியம் சொன்னபடி, பெயர்கள் தமிழ் ஒலிக்கு மாறித்தான் நம் நூல்களில் நிற்கின்றன. கம்பனின் வீடணனைப் பார்த்து ‘வீடுபேறு அடைந்தவன்’ என்று எழுதத் தோன்றும். சரணாகதி செய்தவன் வேறு, அதனால் பொருத்தமாகவும் தெரியும். ஆனால் மூலம் விபீஷணன். ‘பீ’ என்றால் அஞ்சுதல். விபீஷண என்றால் பயங்கரமானவன். அரக்கர் குலத்துக்குப் பொருத்தமாக வைத்த பெயர். அதைத் தாங்கியவன் அந்தக் குலத்தை விட்டு வெளியே வருகிறான். பெயர் ஒரு பக்கம் இழுக்க, ஆள் வேறு பக்கம் போகிறான். வீடு என்று பிரித்துவிட்டால் இந்த முரண் முழுவதும் கண்ணில் படாமலே போய்விடும்.

கொலோன் தளத்தில் தேடும்போது எந்த எழுத்துமுறையில் தட்டுகிறீர்கள் என்பதை அங்கேயே தேர்ந்தெடுக்க வேண்டும். ஹார்வர்டு–கியோட்டோ முறை பழக எளிது. அதில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு ஒலி. கர்ணன், விபீஷணன், சகுனி, துச்சாதனன் நால்வரையும் இப்படித் தட்ட வேண்டும்:

```
karNa
vibhISaNa
zakuni
duHzAsana
```

`karna` என்று எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் தட்டிவிட்டு, இப்படி ஒரு சொல்லே அகராதியில் இல்லை என்று முடிவுக்கு வராதீர்கள். என் முதல் வாரம் அப்படித்தான் வீணாகப் போனது. கடைசியில் வரும் ‘ன்’ தமிழ் விகுதி என்பதால் அதையும் விட்டுவிட வேண்டும்.

3. முன்னொட்டின் பொருளை ஊகிக்காதீர்கள்

நான் விழுந்த குழி இது. ‘துர்’ என்றதும் நமக்குத் துர்நாற்றம், துர்ப்பாக்கியம், துர்மரணம் என்றுதான் நினைவு வரும். அதே தமிழில் ‘துர்லபம்’ என்ற சொல்லும் இருக்கிறது. கெட்ட லாபம் என்றா அதற்குப் பொருள்? கிடைப்பதற்கு அரிது என்று பொருள். துர்க்கை என்றால் எளிதில் அணுக முடியாதவள். கோட்டையைத் துர்க்கம் என்று சொல்வதும் அதனால்தான்.

கைக்கு எளிதான ஒரு சோதனை உண்டு. ‘துர்’ருக்குப் பின்னால் வருவது ஒரு பொருளின் பெயராக இருந்தால் ‘கெட்ட’ என்று எடுங்கள். துர்முகன் என்றால் அவலட்சண முகம் உடையவன். பின்னால் வருவது ஒரு செயலாக இருந்தால் ‘அதைச் செய்வது கடினம்’ என்று எடுங்கள். ‘துர்’, ‘சு’ போன்ற முன்னொட்டுகள் வினையோடு சேரும்போது கடினம், எளிது என்ற பொருள் தருவதைப் பாணினி இலக்கணமே சொல்கிறது. அப்படிப் பார்த்தால் துரியோதனன் என்பவன் போரிட்டு வெல்லக் கடினமானவன். துச்சாதனன் அடக்கி ஆளக் கடினமானவன்; ‘சாசன’ என்ற சொல் அங்கே இருக்கிறது. இரண்டுமே ஒரு க்ஷத்ரியத் தகப்பன் பெருமையோடு வைக்கக்கூடிய பெயர்கள்.

அவனுடைய உண்மைப் பெயர் சுயோதனன், கெட்டவன் என்பதால் பிறர் துரியோதனன் ஆக்கிவிட்டார்கள் என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்வார்கள். பாரதத்தில் இரண்டு பெயரும் வருவது உண்மை. நன்றாகப் போரிடுபவன் என்பது சுயோதனனுக்கு அகராதி தரும் பொருள். ஆனால் துரியோதனன் என்பது வசைப்பெயர் என்று வாதாட முதலில் ‘துர்’ என்றால் கெட்ட என்று எடுத்தாக வேண்டும். அந்த முதல் படியிலேயே வாதம் வழுக்குகிறது.

எங்கே தவறுகிறோம் என்று கண்டுபிடிக்க எனக்கு உதவும் கேள்வி ஒன்று: பெற்ற தாய் தொட்டிலின் முன் நின்று இந்தப் பொருளில் இந்தப் பெயரைச் சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்க மாட்டாள் என்று தோன்றினால் இரண்டில் ஒன்று. நீங்கள் பிரித்தது தவறாக இருக்கும். அல்லது அது தாய் வைத்த பெயராக இருக்காது, பிற்பாடு வந்து ஒட்டியதாக இருக்கும். இரண்டாவது வகை என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

4. பெயர் சூட்டும் காட்சியைத் தேடுங்கள்: கர்ணன்

கர்ணன் என்ற பெயரை அகராதியில் பார்த்தால் ‘காது’ என்று இருக்கும். கும்பகர்ணன் என்றால் குடம் போன்ற காது உடையவன். கௌரவர்களில் விகர்ணன் பெயரிலும் அதே காதுதான். பிறவியிலேயே குண்டலத்தோடு வந்தவனுக்குக் காது என்று பெயர் அமைவது இயல்பாகத்தான் தெரிகிறது. குந்தி காது வழியாகப் பெற்றாள், அதனால் கர்ணன் என்று பாட்டிமார் சொல்லும் கதையும் இந்தப் பொருளிலிருந்து முளைத்ததுதான். பெரும்பாலானோர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நானும் நின்றிருந்தேன்.

இப்போது மூலத்துக்குப் போங்கள். வனபருவத்தின் கடைசிப் பகுதியில் குண்டலாஹரண பருவம் என்று ஒன்று இருக்கிறது. ஆற்றில் வந்த பேழையிலிருந்து குழந்தையை எடுத்து வளர்க்கிறார்கள் அதிரதனும் ராதையும். செல்வம் போன்ற கவசமும் பொன் குண்டலமும் பூண்டு வந்த பிள்ளை என்று பார்த்து, அந்தணர்கள் அவனுக்கு வசுஷேணன் என்று பெயர் இடுகிறார்கள். வசு என்றால் செல்வம். தொட்டிலில் வைத்த பெயர் இது.

பிறகு இந்திரன் அந்தணன் வேடத்தில் வந்து கவசத்தையும் குண்டலத்தையும் கேட்கிறான். கர்ணன் தன் உடம்பிலிருந்தே அறுத்துக் கொடுக்கிறான். ஆதிபருவத்தில், சம்பவ பருவம் என்ற பகுதியில் இதைச் சுருக்கமாகச் சொல்லும்போது ஒரு வரி வருகிறது: முன்னர் உலகில் வசுஷேணன் என்று பெயர் பெற்றிருந்தவன், அந்தச் செயலால் கர்ணன் என்றும் வைகர்த்தனன் என்றும் ஆனான். ஆக, கதை தானே தரும் காரணம் காது அல்ல, அறுத்தல். வெட்டுதலைக் குறிக்கும் ‘க்ருத்’ என்ற வேரோடு பெயரைச் சேர்க்கிறது பாரதம்.

அப்படியானால் காது என்பது தப்பா? தப்பில்லை. வேதச் சொற்களுக்கு விளக்கம் எழுதிய யாஸ்கரின் நிருக்தத்திலேயே கர்ணம், அதாவது காது, ‘க்ருத்’ என்ற வேரிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறது. நுழைவாயில் வெட்டப்பட்ட உறுப்பு காது என்பது அவர் தரும் காரணம். இதை மொழி வரலாறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கதை சொன்னவர்களும் கேட்டவர்களும் சொல்லை எப்படிக் காதில் வாங்கினார்கள் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். காதும் வெட்டும் அவர்களுக்கு ஒரே சொல்லில் கேட்டிருக்கின்றன. குண்டலம் தொங்கிய இடமும் அது, அறுத்துக் கொடுத்த செயலும் அது.

வைகர்த்தனன் என்ற பெயர் இன்னும் கெட்டி. அறுத்தவன் என்று அதில் கேட்கிறது. ஆனால் விகர்த்தனன் என்பது சூரியனுக்கு ஒரு பெயர். அவன் மகன் வைகர்த்தனன். ஊரார் அவனுடைய கொடையைப் புகழ்ந்து கூப்பிடும் பெயர், அவர்களுக்கே தெரியாமல் அவனுடைய தகப்பன் யார் என்று சொல்லிவிடுகிறது. வாழ்நாள் முழுக்கத் தேரோட்டி மகன் என்று ஏச்சு வாங்கியவனுக்கு இப்படி ஒரு பெயர். இதை முதலில் புரிந்துகொண்ட அன்று நூலகத்தில் வேறு எதையும் படிக்க முடியாமல் வெளியே வந்து பாந்தியன் சாலையில் நடந்துகொண்டே இருந்தேன்.

வரிசையையும் சீட்டில் எழுதுங்கள். வசுஷேணன் என்ற பெயரில் செல்வம் இருக்கிறது. அந்தச் செல்வத்தை அறுத்துக் கொடுத்ததால் அடுத்த பெயர் வருகிறது. பழைய பெயருக்குக் காரணமாக இருந்த பொருள் போய்விட்டது, அதனால் பெயரும் போயிற்று. அவன் போரில் எதனால் சாவான் என்பது இந்தப் பெயர் மாற்றத்திலேயே அடங்கிவிட்டது.

இந்தப் படியில் ஏமாற்றுவது சுருக்கப் பதிப்பு. கைக்கு அடக்கமான பாரதச் சுருக்கங்களில் பெயர் சூட்டும் வரிகள்தான் முதலில் வெட்டுப்படும், கதை நகர்வுக்கு அவை தேவையில்லை என்பதால். ம. வீ. இராமானுஜாசாரியார் பதிப்பித்த, கும்பகோணம் பதிப்பு என்று வழங்கும் தமிழ் வசன மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பருவத்தின் பெயரையும் உட்பருவத்தின் பெயரையும் எழுதிக்கொண்டு போனால் தேடும் நேரம் பாதியாகும். பாத்திரம் பிறக்கும் இடம், பெரிய செயல் முடியும் இடம், யாராவது வரம் கொடுக்கும் இடம் ஆகிய மூன்றையும் பாருங்கள். பெயர்க் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ராவணனுக்கும் அப்படித்தான். தசக்ரீவனாக, பத்துக் கழுத்துக்காரனாக இருந்தவன், கயிலை மலைக்கு அடியில் கை நசுங்கி அலறியபோது அந்த அலறலாலேயே ராவணன் என்று பெயர் பெறுவதை உத்தரகாண்டம் சொல்கிறது.

5. காட்சி இல்லாவிட்டால், பெயர் போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள்: கோவலன்

“மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா” என்று தொல்காப்பியம் உரியியலில் ஒரு வரி. சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது. சிலப்பதிகாரத்தைத் திறக்கும்போது இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கோவலனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று காப்பியம் எங்கும் நின்று விளக்குவதில்லை.

லெக்சிகனில் கோவலன் என்றால் ஆயன். கண்ணனுக்கும் அது பெயர். சங்கப் பாடல்களில் முல்லை நிலத்து மாடு மேய்ப்பவர்கள் கோவலர். ஆனால் நம் கோவலன் புகாரின் பெருவணிகன் மாசாத்துவான் மகன். சாத்து என்றால் வணிகக் கூட்டம். தகப்பன் பெயர் தொழிலோடு ஒட்டி நிற்கிறது, மகன் பெயர் ஒட்டவில்லை. இப்படி ஒட்டாமல் நிற்கும் பெயரைக் கண்டால் அந்தச் சொல் காப்பியத்தில் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். மின்பதிப்பில் `கோவல` என்று தட்டினால் கோவலன், கோவலர் இரண்டும் அகப்படும்.

தேடினால் மதுரைக்கு வெளியே இருக்கும் ஆயர் சேரிக்கு வந்து சேருவீர்கள். கவுந்தியடிகள் கண்ணகியையும் கோவலனையும் மாதரி என்ற இடைச்சியிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். கொலைக்களக் காதையில் கண்ணகி சமைத்துப் போட, கோவலன் உண்கிறான். அது அவனுடைய கடைசி உணவு. அதைப் பார்த்து நின்ற மாதரியும் அவள் மகள் ஐயையும்,

ஆயர் பாடியின் அசோதைபெற் றெடுத்த
பூவைப் புதுமலர் வண்ணன் கொல்லோ

என்று வியக்கிறார்கள். இவன் யசோதை பெற்ற கண்ணன்தானோ என்கிறார்கள். வணிகனின் பெயருக்குள் இருந்த கண்ணனை அந்த வீட்டார் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயர் கடைசியில் தனக்குரிய வீட்டுக்கு வந்துவிட்டது போல இருக்கும் அந்த இடம்.

சிறிது நேரத்தில் அவன் சிலம்பை விற்கக் கிளம்புகிறான். இளங்கோ அந்த வீட்டை ‘பல்லான் கோவலர் இல்லம்’ என்று சொல்கிறார். பல பசுக்களை உடைய கோவலரின் இல்லம். கோவலன் கோவலர் இல்லத்தை விட்டு வெளியே வருகிறான். எதிரே திமில் பெருத்த எருது ஒன்று பாய்ந்து வருகிறது.

இமிலேறு எதிர்ந்தது இழுக்கென அறியான்
தன்குலம் அறியும் தகுதியன் றாதலின்

எருது எதிரே வருவது தீய நிமித்தம் என்பது அவனுக்குத் தெரியவில்லை, அவன் குலம் அதை அறியும் குலம் அல்ல என்பதால். மாடு மேய்க்கும் குலத்தில் பிறந்தவன் என்றால் அந்தக் கணமே திரும்பி வீட்டுக்குள் போயிருப்பான். பெயர் மட்டும் கோவலன், குலம் கோவலர் அல்ல. பெயருக்கும் ஆளுக்கும் நடுவே இருந்த அந்தப் பொருந்தாமைதான் அவனைக் கொலைக்களத்துக்கு நேரே நடக்க வைக்கிறது. இது என்னுடைய வாசிப்பு. ஆனால் ‘கோவலர்’ என்ற சொல்லையும் ‘குலம்’ என்ற சொல்லையும் அவ்வளவு நெருக்கமாக வைத்தவர் இளங்கோ.

சிலம்பைக் களவாடிப் பழியை இவன் மேல் போட்டவனுக்குக் காப்பியம் பெயரே தரவில்லை என்பதையும் கவனியுங்கள். அவன் பொற்கொல்லன், அவ்வளவுதான். பெயர் மறுப்பதும் ஒரு கதாசிரியர் கையில் இருக்கும் கருவி.

கோவலன் மகளுக்கு மட்டும் பெயர்க் காரணம் தெளிவாக இருக்கிறது, அடைக்கலக் காதையில். அவன் முன்னோர் ஒருவர் கலம் உடைந்து நடுக்கடலில் தத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் காப்பாற்றியது. அந்தக் குலதெய்வத்தின் பெயரை வைக்கச் சொல்கிறான். அகராதிப்படி மணிமேகலை என்றால் மணிகள் கோத்த இடையணி. மாதவி மகளுக்கு ஆடல் அரங்குதான் விதி என்று அந்தப் பொருள் சொல்கிறது. வைத்த காரணமோ கடலில் மீட்கும் தெய்வம். பின்னர் எழுந்த காப்பியத்தில் அதே தெய்வம் வந்து அவளைக் கடல் கடந்து மணிபல்லவத் தீவுக்கு எடுத்துச் செல்கிறது. அவள் துறவி ஆகிறாள். சீட்டின் இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் இரண்டு வாழ்க்கையைக் காட்டுகின்றன. எது ஜெயிக்கிறது என்பதுதான் அவள் கதை.

6. உங்கள் பாத்திரத்துக்கு வைக்கும்போது

பெயரையும் பொருளையும் மட்டும் வைத்துவிட்டு நகராதீர்கள். யார் வைத்தார்கள், எந்த நேரத்தில், எதைப் பார்த்து என்று மூன்று வரி எழுதுங்கள். நாவலில் அது வராவிட்டாலும் பரவாயில்லை. குணத்தை அப்படியே பெயராக வைப்பதைத் தவிருங்கள். கொடுங்கோலனுக்குக் கொடியவன் என்று வைத்தால் வாசகர் தெரிந்துகொள்ள மிச்சம் ஒன்றும் இராது.

பெயர் சரியாக இருந்து ஆள் தவறாக இருப்பதும் உண்டு. டோல்கீன் தன் குள்ளர்களின் பெயர்களைப் பழைய நார்ஸ் பாடல் ஒன்றில் வரும் குள்ளர் பட்டியலிலிருந்து எடுத்தார். அந்தப் பட்டியலில் இருக்கும் கேண்டால்ஃப் என்ற பெயரை, ‘தி ஹாபிட்’ கதையின் ஆரம்ப வரைவில் குள்ளர் தலைவனுக்குத்தான் வைத்திருந்தார். மந்திரவாதிக்கு வேறு பெயர் இருந்தது. பிறகுதான் மாற்றினார். அந்தப் பெயரின் முதல் பாதி மந்திரக்கோலைக் குறிக்கும் சொல்லோடு சேர்வது. கோல் ஊன்றி வரும் கிழவருக்குப் போன பிறகு அது எப்படிப் பொருந்தியது என்று எல்லோருக்கும் தெரியும். எனவே பெயரைத் தூக்கி எறியும் முன், வேறு யாருக்காவது அது சேருமா என்று பாருங்கள்.

மொழியையும் கலக்காதீர்கள். ஒரே வீட்டில் அண்ணன் பெயர் தூய தமிழிலும் தம்பி பெயர் சம்ஸ்கிருதத்திலும் இருந்தால், அதற்குக் கதையில் காரணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆசிரியர் இரண்டு பட்டியலைப் பார்த்து எழுதியது தெரிந்துவிடும்.

கடைசியாக நேரம். சீட்டு முடிந்த பிறகுதான் அட்டைப்படம், பக்க வடிவமைப்பு, விளம்பரம் எல்லாம். முடிந்தால் பெயரின் மூலமொழி தெரிந்த ஒருவரிடமும், அந்த மொழி தெரியாத ஒருவரிடமும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். முதலாமவர் பிரிப்பில் இருக்கும் பிழையைச் சொல்வார். இரண்டாமவர் அந்தப் பெயர் காதில் என்னவாக விழுகிறது என்று சொல்வார். இரண்டும் தேவை.

துர்ஜயன் சீட்டில் இப்போது இப்படி இருக்கிறது. மூலம் `durjaya`. அகராதிப் பொருள்: வெல்லக் கடினமானவன். கதைக் காரணம்: கோட்டை முற்றுகையில் இருந்தபோது பிறந்தான், மூன்று மாதமாகியும் மதில் விழாததைப் பார்த்துப் பாட்டி வைத்த பெயர். இடம்: இரண்டாம் அத்தியாயம், கிணற்றடி. பதினோராவது அத்தியாயத்தில் கிழவியின் சாபத்தை எடுத்துவிட்டேன். இப்போது அவள் அவனிடம் சொல்வது ஒரே வாக்கியம்: “உன்னை வெல்வது யாருக்கும் கடினம், உனக்கும் சேர்த்துத்தான்.”

திருத்திய பக்கங்களை ஆசிரியர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பென்சிலால் ஓரத்தில் சின்னதாக ஒரு சுழி போட்டுவிட்டு, “சரி தம்பி, கதாநாயகி பேரைச் சொல்லு” என்றார்.